புலம் பெயராமல் ஆயம் மாற்றுதல்

வடக்கு அகலாங்கு 10.8 பாகை, கிழக்கு நெட்டாங்கு 78.7 பாகை. இந்த எண்ணிணை திருச்சிராப்பள்ளியில் ஓர் இடத்தைக் குறிக்கிறது என்றே எவரும் சொல்வர். உண்மையில் அது இரண்டு இடங்களைக் குறிக்கக்கூடும். பழைய இந்திய நில அளவை முறைப்படி படித்தால் ஓரிடம். கைப்பேசியிலுள்ள செயற்கைக்கோள் இடங்காட்டியின் முறைப்படி படித்தால் மற்றோரிடம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 225 மீட்டர் தொலைவு உண்டு. காவிரிப் பாசனத்தில் வரப்புக்கு வரப்பு 40, 60 மீட்டர் அகலமே உடைய வயல்களிடையே 225 மீட்டர் என்பது நான்கைந்து புலங்களைத் தாண்டிய தொலைவு. ஒருவர் பட்டாவிலுள்ள நிலம் வேறொருவர் கிணற்றின்மேல் போய் அமரும்.

எண்களில் பிழையில்லை. அவை எந்தப் பரப்பின்மேல், எந்த நடுவத்திலிருந்து அளக்கப்பட்டன என்னும் குறிப்பே விடுபட்டிருக்கிறது. அக்குறிப்பை நில அளவையாளர் டேட்டம் என்பர். இங்கே அதைப் புவி அடிநிலை, சுருக்கமாக அடிநிலை என்று வழங்குவோம்.

புவி முழுக்கோளம் அன்று. முனைகளில் சற்றே தட்டையானது. அதன் வடிவை ஒரு நீள்வட்டக்கோளமாகக் கொண்டு கணக்கிடுவது மரபு. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்டின் கைக்கு வந்தது. அந்த அளவீடுகளிலிருந்து 1830இல் எவரெஸ்ட் பெற்ற நீள்வட்டக்கோளமே இந்திய நிலப்படங்களின் அடிப்படையாயிற்று. மத்தியப் பிரதேசத்திலுள்ள கல்யாண்பூர் நிலையத்தை மூலப்புள்ளியாகக் கொண்டு, இந்தியத் துணைக்கண்டத்தின் தரையோடு நன்கு பொருந்துமாறு அக்கோளம் அமர்த்தப்பட்டது. உலகம் முழுமைக்கும் அது பொருந்தவேண்டும் என்ற தேவை அன்று இல்லை. அதன் நிலநடுக்கோட்டு அரைவிட்டம் 6377.3 கிலோமீட்டர்.

இன்றைய செயற்கைக்கோள் முறையின் அடிநிலை டபிள்யூ.ஜி.எஸ். 84. அதன் அரைவிட்டம் 6378.137 கிலோமீட்டர், அதன் நடுவம் புவியின் பொருண்மை நடுவம். செயற்கைக்கோள்கள் அந்த நடுவத்தைச் சுற்றியே இயங்குவதால் வேறு வழியில்லை. எவரெஸ்ட் கோளத்தின் நடுவம் அதிலிருந்து மூன்று அச்சுகளிலும் முறையே 295, 736, 257 மீட்டர் விலகியிருக்கிறது என்பது இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வெளியிடப்பட்ட மதிப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரு நடுவங்களுக்கும் இடையே 830 மீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவு. கோளமும் வேறு, நடுவமும் வேறு. ஆகவே ஒரே எல்லைக்கல்லுக்கு இரண்டு அகலாங்கு, இரண்டு நெட்டாங்கு வாய்க்கின்றன.

இனி நம் புலங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டின் புலப்பட நூலிலுள்ள வரைபடத்தில் புவியின் ஆயம் எதுவும் இராது. கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு நேர்கோடு, அதிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்து அளவுகள், பக்கத்துப் புலத்தின் எண்: இவ்வளவே. அது தன்னளவில் மிகத் துல்லியமான ஆவணம். ஆனால் உலகில் எங்கே இருக்கிறது என்று அது சொல்வதில்லை. கணினியில் ஏற்றும்போது யாரோ ஒருவர் அதைக் கிராம வரைபடத்தோடும், கிராம வரைபடத்தை 1:50,000 அளவுத்திட்ட நிலப்படத்தோடும், அல்லது ஒரு செயற்கைக்கோள் படத்தோடும் பொருத்துகிறார். அந்தக் கணத்தில்தான் புலம் ஓர் அடிநிலையை ஏற்கிறது. பொருத்தியவர் பயன்படுத்தியது பழைய நிலப்படமாயின் அது எவரெஸ்ட் அடிநிலை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுப் படமாயின் டபிள்யூ.ஜி.எஸ். 84. எதைப் பயன்படுத்தினார் என்று பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. வடிவக் கோப்போடு வரவேண்டிய `.prj` என்னும் சிறு கோப்பு வழியில் தொலைந்துவிடும். அதைவிடக் கேடு, தவறான ஒன்று கூட இருக்கும்.

கோப்பைத் திறந்ததும் மென்பொருள் ஆயமுறை எது என்று கேட்கும். இங்கே இரண்டு வேறு செயல்கள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஒன்று, எண்களைத் தொடாமல் அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. மற்றது, எண்களையே கணக்கிட்டு வேறு எண்களாக மாற்றுவது. `QGIS` மென்பொருளில் முன்னது `Set Layer CRS`, பின்னது `Reproject Layer`. எவரெஸ்ட் எண்களுக்கு டபிள்யூ.ஜி.எஸ். சீட்டை ஒட்டிவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. படம் அழகாகத் திறக்கும். புலங்களின் வடிவு, பரப்பு, ஒன்றையொன்று தொடும் விதம் எல்லாம் சரியாகவே இருக்கும். இடம் மட்டும் பொய்.

ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு கைரேகை உண்டு. இதுவே இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. திருச்சிராப்பள்ளியின் அந்த ஒரே புள்ளிக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். எவரெஸ்ட் அடிநிலையில் அகலாங்கு 10.8, நெட்டாங்கு 78.7 என்று அளக்கப்பட்ட கல்லின் உண்மையான டபிள்யூ.ஜி.எஸ். இடம், அதே எண்கள் காட்டும் இடத்துக்கு ஏறத்தாழ 174 மீட்டர் வடக்கிலும் 145 மீட்டர் மேற்கிலும் இருக்கும். வேறுவிதமாகச் சொன்னால், மாற்றிக் கணிக்காமல் சீட்டு மட்டும் ஒட்டப்பட்ட புலங்கள் செயற்கைக்கோள் படத்தின்மேல் உண்மை இடத்திலிருந்து தென்கிழக்காக 225 மீட்டர் தள்ளி விழும். எல்லாப் புலங்களும் ஒரே திசையில், ஒரே அளவில் விழும்.

இதே தவறு பாகைகளில் அன்றி மீட்டர்களில் நேர்ந்தால் கைரேகை மாறும். யூ.டி.எம். கோட்டுச்சட்டத்தில் வடக்குத் தொலைவு நிலநடுக்கோட்டிலிருந்தும், கிழக்குத் தொலைவு மண்டலத்தின் நடு நெட்டாங்கிலிருந்தும் மீட்டரில் எண்ணப்படுகின்றன. எவரெஸ்ட் கோளம் சிறியதாகையால், நிலநடுக்கோட்டிலிருந்து அதே 10.8 பாகை வரை அதன்மேல் நடந்தால் ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாகவே நடந்திருப்போம். அந்தக் குறைவும் முன்சொன்ன 174உடன் சேர்ந்து வடக்கில் 265 மீட்டர் ஆகிறது. நடு நெட்டாங்காகிய 81 பாகையிலிருந்து திருச்சிராப்பள்ளி 250 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால், கிழக்கு மேற்கிலும் ஏறத்தாழ 33 மீட்டர் கூடி 177 ஆகிறது. ஆகவே மீட்டர் எண்களுக்குத் தவறான சீட்டு ஒட்டப்பட்டிருந்தால் புலங்கள் தென்கிழக்கே 320 மீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கும்.

மூன்றாவது கைரேகை திசையால் வேறுபடும். ஏற்கெனவே டபிள்யூ.ஜி.எஸ். ஆக உள்ள தரவை எவரெஸ்ட் என்று எண்ணி ஒருவர் மறுபடியும் மாற்றியிருந்தால், புலங்கள் உண்மை இடத்திலிருந்து வடமேற்காக நகர்ந்திருக்கும். ஆகவே தொலைவை அளப்பதற்குமுன் திசையைப் பார்க்கவேண்டும். தென்கிழக்கு என்றால் மாற்றம் செய்யப்படவில்லை; வடமேற்கு என்றால் இருமுறை செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு சிற்றூரின் 300 புலங்கள் கொண்ட கோப்பு கைக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். சீட்டு டபிள்யூ.ஜி.எஸ். 84, யூ.டி.எம். 44ஆம் மண்டலம் என்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இட்டால், ஏரியின் கரை கோப்பில் ஓரிடத்திலும் படத்தில் வேறிடத்திலும் இருக்கிறது. ஏரி மதகு, கோயில் மதிற்சுவரின் மூலை, இரண்டு சாலைகள் பிரியும் இடம், மூன்று கிராமங்கள் கூடும் முச்சந்திக்கல் என ஐயமின்றித் தெரியும் நான்கைந்து புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் விலகலை அளக்கிறோம். தெற்கே 226, கிழக்கே 124. தெற்கே 223, கிழக்கே 121. மற்றவையும் அவ்வாறே என்று வந்தால் என்ன பொருள்? மேலே சொன்ன எந்த அளவும் இதற்கு நேராகப் பொருந்தவில்லை. அப்போது எவரெஸ்ட் என்று ஊகித்துவிட்டு மேலே செல்வது தவறு. இடையில் வேறொரு பொருத்துதல் நிகழ்ந்திருக்கிறது. அதைச் செய்தவரைத் தேடிப்பிடிக்கவேண்டும். மாறாக, தெற்கே 258, கிழக்கே 183 என்ற அளவில் எல்லாப் புள்ளிகளும் ஒத்து வந்தால் விடை தெளிவு. கோப்பு எவரெஸ்ட் மீட்டர்களில் இருக்கிறது, சீட்டுதான் பொய். 265க்கும் 258க்கும், 177க்கும் 183க்கும் உள்ள வேறுபாட்டின் காரணத்தைச் சற்றுப் பின்னர்ப் பார்ப்போம்.

திருத்தம் இரண்டு படிகளில் நிகழவேண்டும். முதலில் பொய்ச் சீட்டை நீக்கி, கல்யாண்பூர் 1975, யூ.டி.எம். 44ஆம் மண்டலம் என்னும் உண்மைச் சீட்டை ஒட்டவேண்டும். அதன் குறியெண் `EPSG:24344`. அதன்பின்தான் `EPSG:32644` ஆக மாற்றிக் கணிக்கவேண்டும். கணிக்குமுன், இவ்விரண்டுக்கும் இடையே எந்த உருமாற்றத்தை மென்பொருள் கையாளப்போகிறது என்று அதனிடமே கேட்டுவிடுவது நல்லது.

```
projinfo -s EPSG:24344 -t EPSG:32644 -o PROJ
```

விடையில் 295, 736, 257 என்னும் மூன்று எண்களும் தென்படவேண்டும். அவற்றுக்கு மாறாக `Ballpark` என்ற சொல் தென்பட்டால், நடுவங்களின் விலகலை மென்பொருள் கணக்கில் கொள்ளவில்லை. அகலாங்கையும் நெட்டாங்கையும் அப்படியே விட்டுவிட்டுக் கோளத்தை மட்டும் மாற்றுகிறது. அதன் விளைவு நமக்கு முன்பே தெரிந்த 225 மீட்டர்க் கைரேகைதான். மாற்றிக் கணித்த பின்னும் புலங்கள் தென்கிழக்கே 225 மீட்டரில் நின்றால் இதையே முதலில் ஐயுறவேண்டும். எண்கள் சரியாகத் தெரிந்தபின் கணிப்பு ஒரு வரியில் முடியும்.

```
ogr2ogr -s_srs EPSG:24344 -t_srs EPSG:32644 pulam_wgs.gpkg pulam.shp
```

இதே கட்டளையில் `-t_srs` என்பதற்கு மாறாக `-a_srs` என்று எழுதினால் அது சீட்டு ஒட்டுவது மட்டுமே. ஓர் எழுத்து வேறுபாடு, 320 மீட்டர் விளைவு.

எவரெஸ்ட் என்று அறிந்தால் மட்டும் போதாது, எந்த எவரெஸ்ட் என்பதும் அறியவேண்டும். எவரெஸ்ட் தம் கோளத்தின் அரைவிட்டத்தை அடிகளில் தந்தார்: 2,09,22,931.80 இந்திய அடி. ஓர் இந்திய அடிக்கு எத்தனை மீட்டர் என்பதில் பின்வந்தோர் ஒத்துப்போகவில்லை. 1937ஆம் ஆண்டு வரையறை 0.30479841 என்று கொண்டது. 1975ஆம் ஆண்டு வரையறை 0.3047995 என்று கொண்டது. ஆறாம் பதின்மத்தில் நேர்ந்த இவ்வேறுபாட்டால், ஒரே கோளத்தின் அரைவிட்டம் முன்னதில் 6377276.345 மீட்டர், பின்னதில் 6377299.151 மீட்டர். 23 மீட்டர் வேறுபாடு. புவியின் அளவுக்கு அது தூசு. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து 1,190 கிலோமீட்டருக்கு மேல் நடந்து திருச்சிராப்பள்ளியை அடையும்போது வடக்குத் தொலைவில் 4 மீட்டருக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. கிழக்குத் தொலைவிலோ ஒரு மீட்டரும் இராது. 225 மீட்டர்ப் பிழை கண்ணில் படும்; 4 மீட்டர்ப் பிழை படாது. அது வரப்பின் அகலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நடைபாதைத் தகராறாக வெளிப்படும். வடக்குத் தெற்கில் மட்டும் சீராக 4 மீட்டர் விலகல் தெரிந்தால் 1937, 1975 என்னும் இரு வரையறைகளும் கலந்துவிட்டனவா என்று பார்க்கவேண்டும்.

இப்போது அந்த 7, 6 மீட்டர் மிச்சத்துக்கு வருவோம். 295, 736, 257 என்னும் மூன்று எண்களும் ஒரு பெருநிலப்பரப்பு முழுமைக்குமான சராசரி. அவற்றை வெளியிட்டோரே அச்சுகளில் முறையே 12, 10, 15 மீட்டர் ஐயப்பாட்டையும் சேர்த்தே வெளியிட்டனர். மூன்றும் கூடினால் 22 மீட்டர் அளவு. 1:50,000 நிலப்படத்தில் 22 மீட்டர் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சாலைக்கும் ஆற்றுக்கும் அது போதும். புல எல்லைக்குப் போதாது. குறியெண்களைச் சரியாகத் தட்டச்சு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர் இங்கேதான் சறுக்குகின்றனர். மென்பொருள் தவறேதும் செய்யவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட மூன்று எண்களுக்கு அதற்குமேல் கூர்மை கிடையாது.

எஞ்சியதை அந்த ஊரிலேயே அளந்துதான் தீர்க்கவேண்டும். ஊரின் நான்கு புறமும் நடுவிலுமாகப் பரவிய, அசையாத எல்லைக்கற்களில் துல்லிய இடங்காட்டிக் கருவியை நிறுத்தி அளக்கவேண்டும். மாற்றிக் கணித்த கோப்பிலுள்ள அதே கற்களின் ஆயங்களோடு அவற்றை ஒப்பிட்டு, வேறுபாடுகளின் சராசரியை ஊர் முழுமைக்கும் ஒரே பெயர்ச்சியாகச் சேர்க்கவேண்டும். இரண்டு கற்களையாவது இந்தச் சராசரியில் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பது இன்றியமையாதது. கணக்கில் சேராத கற்களில் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அதுவே உண்மைத் துல்லியம். கணக்கில் சேர்த்த கற்களில் மிச்சம் குறைவாகத்தான் இருக்கும்; அது எதையும் மெய்ப்பிக்காது.

சராசரி எடுக்குமுன் மிச்சங்களை அம்புக்குறிகளாக வரைந்து பார்ப்பது என் வழக்கம். எல்லா அம்புகளும் ஒரே திசையில் ஒரே நீளத்தில் நின்றால் அது அடிநிலையின் மிச்சம், பெயர்ச்சியால் தீரும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அம்புகள் சீராக நீண்டு சென்றால், பழைய வரைபடத் தாள் சுருங்கியோ விரிந்தோ இருக்கிறது. அம்புகள் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்வதுபோல் நின்றால் பொருத்தும்போது படம் திரும்பியிருக்கிறது. ஒழுங்கின்றி நாற்புறமும் சிதறினால் கணினியில் ஏற்றியவரின் கை நடுங்கியிருக்கிறது. அல்லது கற்களே இடம் மாறியிருக்கின்றன. பின்சொன்ன மூன்றுக்கும் எந்த அடிநிலையும் மருந்தாகாது. அடிநிலை மாற்றம் 60 மீட்டர் வரப்பின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மாற்றுவதில்லை. ஆகவே ஒரு புலம் நீண்டோ கோணியோ தெரிந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

இவ்வளவு எதற்கு, கோப்பைக் கையால் இழுத்துப் படத்தோடு பொருத்திவிட்டால் ஆகாதா என்று கேட்போர் உண்டு. ஓர் ஊருக்கு ஏறக்குறைய ஆகும்; அடுத்த ஊரோடு சேர்க்கும்போதுதான் வினை. பாகை எண்களில் விலகல் இடத்துக்கு இடம் மாறுகிறது. கன்னியாகுமரியில் வடக்கே 196, மேற்கே 129 மீட்டராக இருப்பது சென்னையில் 156, 166 ஆகிறது. மீட்டர் எண்களிலோ 44ஆம் மண்டலம் முழுதும் அது பெரிதாக மாறுவதில்லை. அதை நம்பி 265, 177 என்று மனப்பாடம் செய்துகொண்டவர்க்கு 78 பாகை நெட்டாங்கில் ஒரு பொறி காத்திருக்கிறது. யூ.டி.எம். 43, 44 மண்டலங்களின் எல்லையாகிய அக்கோடு தமிழ்நாட்டை ஊடறுத்துச் செல்கிறது. மதுரை 44இல், திண்டுக்கல் நகரம் மயிரிழையில் 43இல். 43ஆம் மண்டலத்தின் நடு நெட்டாங்கு 75 பாகை. திண்டுக்கல் அதற்குக் கிழக்கே இருப்பதால், கோளச் சிறுமையால் வரும் திருத்தம் கூடுவதற்கு மாறாகக் கழிகிறது. அங்கே கிழக்கு மேற்கு விலகல் 177 அன்று; ஏறத்தாழ 90 மீட்டர்தான். மதுரையில் கற்ற எண்ணைத் திண்டுக்கல் கோப்பில் இட்டால் புலங்கள் 80 மீட்டருக்கு மேல் மேற்கே போய் நிற்கும். முறையாக மாற்றிக் கணித்தால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

இன்னொரு வேறுபாடு அண்மைக்காலத்தில்தான் புலனாகத் தொடங்கியிருக்கிறது. பழைய அடிநிலை தரையிலுள்ள நிலையங்களோடு கட்டப்பட்டது; தரை நகர்ந்தால் அதுவும் உடன் நகரும். ஆகவே கற்களின் எண்கள் மாறுவதில்லை. செயற்கைக்கோள் அடிநிலை புவி நடுவத்தோடு கட்டப்பட்டது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், அசையாத கல்லின் எண்களும் ஆண்டுதோறும் அவ்வளவு மாறுகின்றன. 2005ஆம் ஆண்டு நிலைக்கு நிறுத்தப்பட்ட ஆயத்தையும் 2025இல் நேரடியாக அளந்த ஆயத்தையும் ஒரே பெயரில் வைத்து ஒப்பிட்டால் ஒரு மீட்டர் வேறுபடும். கருவி சென்டிமீட்டர் வரை காட்டினாலும் அந்த ஒரு மீட்டர் அப்படியே நிற்கும். ஆகவே கற்களை அளக்கும்போது, திருத்தம் தரும் நிலையம் எந்த ஆண்டின் நிலைக்குத் தன் ஆயத்தை அறிவிக்கிறது என்று கேட்டு, அதைக் கோப்பின் விவரக்குறிப்பில் உருமாற்றத்தின் எண்களோடு சேர்த்து எழுதவேண்டும். ஒப்பிடவேண்டிய மற்றொரு கோப்பு வேறோர் ஆண்டுக்குரியதாயின், தட்டின் ஆண்டு நகர்வை ஆண்டு இடைவெளியால் பெருக்கி இரண்டையும் ஒரே ஆண்டுக்குக் கொணர்ந்த பின்னரே வரப்போடு வரப்பை வைத்துப் பார்க்கலாம்.